விடுதிக் கோபுரத்தில் சுடுநீர்க் குழாயின் அளவு

உயரமான நட்சத்திர விடுதி ஒன்றில் சுடுநீர் அறைக்கு அறை தனித்தனி கெய்சரில் காய்வதில்லை. பெரிய கொதிகலனோ வெப்பப் பம்போ ஓரிடத்தில் நீரைச் சூடாக்கிச் சேமிப்புத் தொட்டியில் வைக்க, அங்கிருந்து கிடைக்குழாய் வழியாகவும், ரைசர் எனப்படும் செங்குத்துக் குழாய்கள் வழியாகவும் அது ஒவ்வொரு மாடிக்கும் செல்கிறது. பகலில் யாராவது எங்கேயாவது குழாயைத் திறந்துகொண்டே இருப்பதால் நீர் நகர்ந்து சூடாகவே இருக்கும். ஆனால் இரவில் எல்லாக் குழாய்களும் மூடிக் கிடக்கும் மணிகளில், குழாய்க்குள் நின்றுவிட்ட நீர் சுவர் வழியே வெப்பத்தை இழந்து ஆறிப்போகும். அதைத் தடுப்பதற்காகவே ஒவ்வொரு ரைசரின் உச்சியிலிருந்தும் மெல்லிய திரும்பு குழாய் ஒன்றைக் கீழே இறக்கி, சிறிய பம்பு ஒன்றின் துணையால் நீரைத் தொட்டிக்கே மீட்டுக் கொண்டுவருகிறார்கள். கட்டடப் பொறியாளர்கள் ரீசர்க்குலேஷன் என்று வழங்கும் இந்த ஏற்பாட்டை மீள்சுற்று என்று சொல்லலாம்.

போகும் குழாயும் திரும்பும் குழாயும் சேர்ந்து ஒரே வளையமாக இருந்தாலும், அவற்றின் அளவை முடிவுசெய்யும் கணக்குகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. போகும் குழாயின் அளவு, எத்தனை பேர் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பார்கள் என்ற நிகழ்தகவைப் பொறுத்தது. திரும்பும் குழாயின் அளவும் பம்பின் திறனும், யாருமே குழாயைத் திறக்காதபோது சுவர் வழியே எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தவை. முதல் கணக்கின் எண்ணைக் கொண்டு இரண்டாவதை முடிவுசெய்வது இத்துறையில் மீண்டும் மீண்டும் நேரும் பிழை.

முதல் கணக்கின் அடித்தளத்தை இட்டவர் வாஷிங்டனில் இருந்த அமெரிக்கத் தேசியத் தரநிலைப் பணியகத்தின் ஆய்வாளர் ராய் ஹன்டர். 1940-இல் வெளியான அவருடைய அறிக்கை, கட்டடம் ஒன்றில் உள்ள எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் என்று கொண்டால் குழாய்கள் வீணாகப் பருத்துவிடும், சராசரியை மட்டும் கொண்டால் நெரிசல் நேரத்தில் நீர் போதாது என்ற இக்கட்டிலிருந்து தொடங்குகிறது. நெரிசல் வேளையில் கழிப்பறையின் ஃபிளஷ் வால்வு ஒன்று 5 நிமிடத்துக்கு ஒரு முறை 9 வினாடி ஓடுகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்; அப்படியானால் ஏதேனும் ஒரு கணத்தில் அது ஓடிக்கொண்டிருப்பதற்கான வாய்ப்பு 300-இல் 9, அதாவது 0.03. அத்தகைய வால்வுகள் 100 இருந்தால் சராசரியாக 3 ஓடும். ஆனால் 8-க்கு மேல் ஒருசேர ஓடுவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. எனவே 8 வால்வுகளுக்கு ஏற்ற குழாய் போதும் என்பதே ஹன்டரின் முடிவு. வால்வு, தொட்டி, ஷவர், வாஷ் பேசின் என்று வெவ்வேறு கால அளவும் ஓட்டமும் கொண்ட சாதனங்கள் கலந்திருக்கும்போது அவற்றை ஒரே தராசில் நிறுக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்தார். அந்த எடைதான் ஃபிக்சர் யூனிட் எனப்படும் சாதன அலகு. அது நீரின் அளவைக் குறிப்பதன்று. நெரிசலுக்கு ஒரு சாதனம் எவ்வளவு பங்களிக்கிறது என்பதை மட்டுமே குறிக்கிறது. ஆகவே அலகுகளைக் கூட்டலாம், ஓட்டங்களைக் கூட்டக் கூடாது. கூட்டிய அலகுக்கு உரிய ஓட்டத்தை ஹன்டரின் வளைகோட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

இதைக் கற்பனையான ஒரு விடுதிக் கோபுரத்தில் நடத்திப் பார்க்கலாம். அதில் அறைகள் உள்ள மாடிகள் 20, மாடிக்கு 16 அறைகள், மாடியின் உயரம் 3.3 மீட்டர். ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு ஷவரும் ஒரு வாஷ் பேசினும் உண்டு. பக்கத்து அறைகளின் குளியலறைகள் முதுகோடு முதுகாக அமைந்து ஒரே ஷாஃப்டைப் பகிர்ந்துகொள்வதால் மாடிக்கு 8 ஷாஃப்டுகள்.

அலகுகளைக் கூட்டுவதற்கு முன்பே அழுத்தம் குறுக்கிடுகிறது. 20 மாடிகளின் 66 மீட்டர் உயரம் கீழ்மாடியில் 6.5 பார் கூடுதல் அழுத்தமாக இறங்கும். உச்சி மாடி ஷவருக்கு 2 பார் வேண்டுமென்றால் அடிமாடியில் 8.5 பார் நிற்கும். சாதனங்களில் 5.5 பாருக்கு மேல் அழுத்தம் கூடாது என்பது பல குழாய் விதித்தொகுப்புகளின் வரம்பு. எனவே கோபுரத்தைப் பத்துப் பத்து மாடிகளாக இரண்டு மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். அப்போது ஒரு மண்டலத்தின் அடியில் 5.2 பாரே இருக்கும். இங்கே ஒரு பொறி உண்டு. ஒரே சூடேற்றியை வைத்துக்கொண்டு, கீழ் மண்டலத்துக்குச் செல்லும் குழாயில் மட்டும் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்திவிட்டால் செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த வால்வைக் கடந்த நீர் குறைந்த அழுத்தத்தில் இருப்பதால், அது அதிக அழுத்தமுள்ள தொட்டிக்குத் தானாகத் திரும்ப முடியாது; சிறிய மீள்சுற்றுப் பம்பால் அந்த இடைவெளியைத் தாண்டவும் இயலாது. அழுத்தம் போதுமான அளவில் இருப்பதாகக் கண்டு வால்வு மூடியே கிடக்க, கீழ் மண்டலத்தின் சுற்றோட்டம் அடியோடு நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனிச் சூடேற்றியும் தனி வளையமும் இருப்பதே நேரான வழி.

ஒரு மண்டலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அனைத்துலகக் குழாய் விதித்தொகுப்பின் அட்டவணைப்படி, தனி அறையில் உள்ள ஷவரின் சுடுநீர்ப் பக்கத்துக்கு 1 அலகு, வாஷ் பேசினுக்கு 0.5 அலகு, ஆக அறைக்கு 1.5. கழிப்பறைத் தொட்டிக்குச் சுடுநீர் தேவையில்லை என்பதால் அது இந்தக் கணக்கில் வராது. ஒரு ரைசர் மாடிக்கு 2 அறை வீதம் 10 மாடிகளுக்கு நீர் தருவதால் அதன் சுமை 30 அலகு; மண்டலத்தின் 160 அறைகளுக்கும் சேர்த்து 240 அலகு. தொட்டி வகைக் கழிப்பறைகள் உள்ள கட்டடங்களுக்கான ஹன்டர் வளைகோட்டில் 30 அலகுக்கு நிமிடத்துக்கு 88 லிட்டரும், 240 அலகுக்கு 276 லிட்டரும் கிடைக்கின்றன. அறைகள் எட்டு மடங்கு பெருகியபோது ஓட்டம் மூன்று மடங்குக்குச் சற்று மேலாக மட்டுமே பெருகியிருப்பதைக் கவனிக்கலாம். கூட்டம் பெருகப் பெருக எல்லோரும் ஒரே கணத்தில் குழாயைத் திறப்பது அரிதாகிக்கொண்டே போகிறது. எட்டு ரைசர்களின் ஓட்டத்தைக் கூட்டி, பிரதானக் குழாய்க்கு 704 லிட்டர் என்று எழுதுபவர் இந்த முறையின் பயனையே இழந்துவிடுகிறார்.

ஓட்டம் தெரிந்ததும், நீரின் வேகம் குழாயின் விட்டத்தைத் தீர்மானிக்கிறது. செப்புக் குழாயில் 60 டிகிரி வரையிலான சுடுநீர் வினாடிக்கு 1.5 மீட்டருக்கு மேல் ஓடக் கூடாது என்பது நடைமுறை வரம்பு. அதைத் தாண்டினால், உட்சுவரில் தானாகப் படிந்து செப்பைக் காக்கும் ஆக்சைடு மேற்பூச்சை நீரோட்டம் அரித்துவிடும். வளைவுகளுக்கு அடுத்த இடங்களில் குளம்பு வடிவக் குழிகள் விழுந்து, சில ஆண்டுகளில் ஊசித்துளைகளாகும். நிமிடத்துக்கு 276 லிட்டர் என்பது வினாடிக்கு 4.6 லிட்டர்; 66.7 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாயில் அது 1.4 மீட்டர் வேகத்தில் ஓடும். ரைசருக்கு 35 மில்லிமீட்டர் குழாய் போட்டால் வேகம் 1.76 மீட்டராக வரம்பு மீறுவதால் 42 மில்லிமீட்டர் குழாய் தேவை. மேலே போகப் போக அலகுகள் குறைவதால் உச்சி நான்கு மாடிகளுக்கு 35 போதும்.

ஹன்டரின் எண்ணை அப்படியே நம்பலாமா என்பதே இங்கு எழ வேண்டிய கேள்வி. அவருடைய வளைகோடு கழிப்பறை ஓட்டங்கள் ஆதிக்கம் செலுத்திய 1940-ஆம் ஆண்டின் கட்டடங்களுக்கானது. விடுதியின் சுடுநீரோ ஏறக்குறைய முழுவதும் ஷவரில்தான் செலவாகிறது. எனவே ஹன்டரின் தர்க்கத்தையே ஷவருக்கு நேரடியாகப் பொருத்திப் பார்ப்பது பயனுள்ளது. விடுதி நிரம்பியிருக்கும் நாளில், 160 அறைகளிலும் காலை ஒரு மணி நேரத்துக்குள் தலா ஒருவர் 8 நிமிடம் குளிக்கிறார் என்று கடுமையாகவே வைத்துக்கொள்வோம். ஒரு ஷவர் ஓடிக்கொண்டிருக்கும் வாய்ப்பு 60-இல் 8. சராசரியாக 21 ஷவர்கள் ஓடும். நூற்றில் ஒரு கணத்தில் மட்டும் மிஞ்சக்கூடிய எல்லை ஏறத்தாழ 31. ஷவரிலிருந்து நிமிடத்துக்கு 9.5 லிட்டர் வெதுநீர் வருகிறது என்றால், அது முழுவதும் சுடுநீரன்று. 60 டிகிரி சுடுநீரையும் 27 டிகிரி தண்ணீரையும் கலந்து 40 டிகிரி ஆக்கும்போது சுடுநீரின் பங்கு நூற்றுக்கு 39 மட்டுமே. ஆக 31 ஷவர்களுக்கும் நிமிடத்துக்கு 116 லிட்டர் சுடுநீர் போதும். குளிர்நாடொன்றில் தண்ணீர் 10 டிகிரியில் வந்தால் சுடுநீரின் பங்கு நூற்றுக்கு 60 ஆகி, தேவை 177 லிட்டராக உயரும். அப்போதும் அது ஹன்டர் தந்த 276-ஐ எட்டவில்லை.

இந்த இடைவெளியைப் பாதுகாப்பு விளிம்பு என்று எண்ணி மகிழ்வதற்கில்லை. தேவைக்கு மேல் பருத்த சுடுநீர்க் குழாயில் நீர் மெதுவாக நகர்கிறது, பரப்பு கூடுவதால் வெப்ப இழப்பு மிகுகிறது, நீர் தங்கும் நேரம் நீள்கிறது. உள்ளூர் விதி சாதன அலகு முறையைக் கட்டாயமாக்கும் இடத்தில் அதை மீற முடியாது. ஆனால் அட்டவணை தரும் அளவுக்கு மேலாக, எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் அளவு கூட்டிப் போடும் வழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை. விதி இடம்தரும் இடத்தில், இந்த மண்டலத்தின் பிரதானக் குழாயை 54 மில்லிமீட்டராகக் குறைப்பதை மேற்கண்ட ஷவர் கணக்கு தாராளமாக ஆதரிக்கிறது. சேமிப்புத் தொட்டியின் கொள்ளளவுக்கு இந்த உச்ச ஓட்டம் அளவுகோலாகாது. அது ஒரு மணி நேரத்தில் செலவாகும் மொத்த நீரைப் பொறுத்த வேறொரு கணக்கு.

இனி இரண்டாவது கணக்கு. நள்ளிரவில் ஒரு குழாயும் திறக்கவில்லை. தொட்டியிலிருந்து 60 டிகிரியில் புறப்படும் நீர், ஷாஃப்டில் 28 டிகிரியில் உள்ள காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டே மேலே செல்கிறது. 25 மில்லிமீட்டர் தடிப்பில் இன்சுலேஷன் சுற்றிய 42 மில்லிமீட்டர் ரைசர் மீட்டருக்கு ஏறத்தாழ 9 வாட்டும், 66.7 மில்லிமீட்டர் பிரதானக் குழாய் 12 வாட்டும் இழக்கின்றன; இன்சுலேஷன் இல்லாவிட்டால் ரைசரின் இழப்பு நான்கைந்து மடங்காகும். 33 மீட்டர் உயரமுள்ள ரைசர் ஒன்றுக்கு 300 வாட். எட்டுக்கும் 2,400 வாட். 80 மீட்டர் பிரதானக் குழாய்க்கு 960 வாட். மொத்தம் 3,360 வாட். ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி ஆறும்போது 4,186 ஜூல் வெப்பத்தை விட்டுக்கொடுப்பதால், கடைசி ரைசரின் உச்சியை அடையும்போது நீர் 5 டிகிரிக்கு மேல் ஆறக் கூடாது என்று வரம்பு வைத்தால், வினாடிக்கு 0.16 லிட்டர் ஓடினால் போதும். அதாவது நிமிடத்துக்கு வெறும் 9.6 லிட்டர்.

உச்ச ஓட்டமான 276 லிட்டருக்கு முன்னால் இது நூற்றில் நான்கு பங்குகூட இல்லை. இந்த 9.6 லிட்டரில் சாதன அலகின் சுவடே இல்லை. அறையில் ஷவர் ஒன்றா இரண்டா என்பது இதைத் தொடுவதில்லை, குழாயின் நீளமும் இன்சுலேஷனின் தடிப்பும் மட்டுமே தொடுகின்றன. எட்டு ரைசர்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 1.2 லிட்டர் வரும். அவ்வளவு சிறிய ஓட்டத்துக்காகப் பேலன்சிங் வால்வை ஏறக்குறைய மூடியே வைக்க வேண்டியிருக்கும், அந்த இடுக்கில் துருவும் உப்புப் படிவும் அடைத்துக்கொள்ளும். எனவே ரைசருக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் விடுவது நல்ல வழக்கம். அப்போது மொத்தம் நிமிடத்துக்கு 16 லிட்டராகி, ரைசர் உச்சியில் நீர் 57 டிகிரியிலும், திரும்பு குழாய்களின் இழப்பையும் சேர்த்தால் தொட்டிக்கு ஏறத்தாழ 55 டிகிரியிலும் வந்துசேரும். பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு வழிகாட்டல் சேமிப்பில் 60 டிகிரி, திரும்பும் நீரில் குறைந்தது 50 டிகிரி என்று கேட்பது, 20 முதல் 45 டிகிரி வரையிலான நீரில் பெருகும் லெஜியோனெல்லா கிருமியை முன்னிட்டே. 1976-இல் பிலடெல்பியாவின் பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்டு விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவிய நிமோனியாவால்தான் அக்கிருமிக்கு அப்பெயர் வந்தது; அங்கே ஐயம் விழுந்தது குளிரூட்டும் அமைப்பின்மேல் என்றாலும், பிற்காலத்தில் விடுதிகளின் சுடுநீர்க் குழாய்களிலும் அக்கிருமி கண்டறியப்பட்டது. 60 டிகிரி நீர் தோலைச் சுடும் என்பதால், குளியலறையில் கலவை வால்வு வைத்து வெப்பத்தைக் குறைக்க வேண்டுமேயன்றி வளையத்தின் வெப்பத்தைக் குறைக்கக் கூடாது.

16 லிட்டருக்கு ஏற்ற திரும்பு குழாய் மிக மெலிது. ரைசரிலிருந்து இறங்குவது 15 மில்லிமீட்டர், அவற்றைச் சேர்த்துக்கொண்டு தொட்டிக்குப் போவது 28 மில்லிமீட்டர். 22 மில்லிமீட்டரும் இந்த ஓட்டத்தை வினாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் கடத்திவிடும். ஆயினும் பகலிரவாக ஓயாது ஓடும் குழாயில் வேகத்தை 0.6 முதல் 0.9 மீட்டருக்குள் அடக்குவது வழக்கம் என்பதால், அந்த எல்லையின் மேல்விளிம்பை ஒட்டிச் செல்வதைவிட 28-இல் 0.5 மீட்டர் வேகத்தில் விடுவது குழாயின் ஆயுளுக்கு நல்லது. பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் உயரத்தையும் சேர்த்துக்கொள்வது பரவலான தவறு. வளையம் முழுவதும் நீர் நிரம்பி அழுத்தத்தில் இருப்பதால், ஏறும் நீரின் எடையை இறங்கும் நீரின் எடை ஈடுசெய்துவிடுகிறது. பம்பு வெல்ல வேண்டியது உராய்வை மட்டுமே. பருத்த ரைசரில் இவ்வளவு சிறு ஓட்டத்துக்கு உராய்வே இல்லை எனலாம். திரும்பு குழாய்கள், பேலன்சிங் வால்வு, நீர் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் வால்வு ஆகியவற்றுக்கு மொத்தம் 3 மீட்டர் அளவே ஆகும். 33 மீட்டர் உயரத்தையும் கூட்டி வாங்கப்பட்ட பம்பு, மெல்லிய திரும்பு குழாயில் நீரை வரம்பு மீறிய வேகத்தில் தள்ளி அதை உள்ளிருந்தே அரித்துவிடும்.

அளவு சரியாக அமைந்த வளையமும் சமன்செய்யப்படாவிட்டால் பயன் தராது. பம்புக்கு அருகிலுள்ள ரைசரின் வழி குறுகியது என்பதால் நீர் அதன் வழியே பாய்ந்து திரும்பிவிட, கடைக்கோடி ரைசர் பட்டினி கிடக்கும். முதலில் நீர் பெறும் ரைசரின் திரும்பு குழாயைக் கடைசியாகத் தொட்டியில் சேரும்படி நீட்டினால் எல்லா வழிகளும் சம நீளமாகிவிடும் என்று சிலர் கருதுகிறார்கள். குளிர்பதன அமைப்புகளில் இது பலிக்கும், சுடுநீரில் பலிக்காது. போகும் குழாய் உச்ச ஓட்டத்துக்காகப் பருத்தது, அதில் மீள்சுற்று ஓட்டத்துக்கு உராய்வே இல்லை. உராய்வு முழுவதும் திரும்பு குழாயில் இருப்பதால், அங்கே நீளம் கூடிய முதல் ரைசர் இப்போது பட்டினி கிடக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு ரைசரின் திரும்பு குழாயிலும் ஒரு பேலன்சிங் வால்வு வைத்து ஓட்டத்தை அளந்து சரிசெய்வதோ, நீரின் வெப்பத்துக்கேற்பத் தானே திறந்து மூடும் வெப்பநிலை வால்வை வைப்பதோதான் தீர்வு.

வளையம் ரைசரோடு நின்றுவிடுகிறது; அங்கிருந்து அறைக்குள் போகும் கிளைக்குழாயில் சுற்றோட்டம் இல்லை, அதில் நிற்கும் நீர் ஆறியே இருக்கும். 15 மில்லிமீட்டர் செப்புக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 0.145 லிட்டர் கொள்ளும். 8 மீட்டர் கிளையில் 1.16 லிட்டர் இருப்பதால், அது ஷவரில் 7 வினாடியில் கழிந்துவிடும்; ஆனால் நிமிடத்துக்கு 1.9 லிட்டர் மட்டுமே விடும் சிக்கன வாஷ் பேசின் குழாயில் 37 வினாடி ஆகும். அதே கிளையை 22 மில்லிமீட்டராகப் பெருக்கினால் காத்திருப்பு 80 வினாடியைத் தாண்டும். பம்பைப் பெருக்கி இந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியாது. கிளையைக் குறுக்குவதும் மெலிவிப்பதுமே வழி.

விடுதியில் சில அறைகளுக்கு மட்டும் வெதுநீரே வருகிறது என்ற புகார் எழும்போது, பராமரிப்புப் பணியாளர் முதலில் விடியலுக்கு முன், குழாய்கள் ஓய்ந்திருக்கும் வேளையில், எட்டுத் திரும்பு குழாய்களின் அடியிலும் கவ்வி வெப்பமானியை வைத்து அளக்க வேண்டும். ஏழு குழாய்கள் 55 டிகிரியிலும் ஒன்று 40-லும் இருந்தால், அந்த ஒன்றின் வால்வு அடைத்திருக்கிறது அல்லது திருகப்பட்டிருக்கிறது. எல்லாமே சரியாக இருந்தும் பகலில் மட்டும் வெதுநீர் வந்தால், எங்கோ ஒரு கலவைக் குழாயின் உள்ளே தண்ணீர் சுடுநீர்ப் பக்கத்துக்குக் கசிகிறது என்று ஐயப்பட வேண்டும். முனையில் மட்டும் மூடும் விசை கொண்ட கைத்தெளிப்பானில், பின்னாலுள்ள கலவைக் குழாயைத் திறந்தே விட்டுவிடும் அறைகளில் இது அடிக்கடி நேர்கிறது. அந்த ரைசரின் சுடுநீர் வால்வையும் திரும்பு வால்வையும் மூடிவிட்டு, ஓர் அறையில் சுடுநீர்க் குழாயைத் திறக்க வேண்டும். சில வினாடிகளில் ஓட்டம் அடங்கினால் கசிவு இல்லை. நீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது தண்ணீர்க் குழாயிலிருந்து வரும் நீர். அந்தக் கசிவை அறை அறையாகத் தேடி அடைக்காமல் பம்பை மட்டும் பெரிதாக்கினால் வெதுநீர்தான் இன்னும் வேகமாகச் சுற்றிவரும்.